வாசலில் நின்றபடியே வராதவர்களாகப் பார்த்த கதை

மலையில் மொட்டை போட்டுவிட்டுக் கீழே இறங்கியபோது, அப்பாவின், எங்கள் நைனாவின், தலையில் சந்தனம் இன்னும் காயவில்லை. அன்றிரவு மட்டும் நைனா, அம்மா, நான் மூவரும் திருப்பதியில் நீச்சல் குளம் உள்ள ஒரு ரிசார்ட்டில் தங்கிவிட்டு, காலையில் சித்தூர் திரும்புவதாகத் திட்டம். அறையைச் செயலியில் பதிவு செய்தவள் நான். வாடகை 2,400 ரூபாய்.

ரிசார்ட் வாசலில் காரை நிறுத்தியபோது மணி நாலு நாற்பது. நைனா இறங்கவில்லை.

"ஞாயித்துக்கெழம. ஆறு வரைக்கும் ராகு காலம். புது எடத்துல கால வைக்க மாட்டேன்."

"ஆறு மணிக்குள்ள வரலைன்னா நோ-ஷோ போட்டுடுவாங்க நைனா. ஒரு ராத்திரி வாடகையும் போகும், ரூமும் போகும்."

"கண்ணெதிர்ல நிக்கிறவன எப்படிம்மா வரலைன்னு சொல்லுவான்?"

கேன்சல் செய்யவும் வழியில்லை. இலவசமாக ரத்து செய்யும் அவகாசம் முந்தின நாள் மதியமே முடிந்திருந்தது. இப்போது ரத்து செய்தாலும் ஒரு இரவு வாடகை போகும். ஐந்தேகாலுக்கு வரவேற்பறைக்குப் போன் செய்து, கொஞ்சம் தாமதமாகும், அறையை வைத்திருங்கள் என்றேன்.

"எக்கட உன்னாரு மேடம்? எங்க வந்துக்கினு இருக்கீங்க?"

"உங்க கேட்ல."

கண்ணாடிக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். நான் கையசைத்தேன். அவரும் அசைத்தார்.

"வெள்ளை கார், மொட்டை சார்?"

"அவரேதான். ராகு காலம்."

"அட, மொதல்லயே சொல்லக் கூடாதா? எங்க ஓனரும் அப்படித்தான். லேட் அரைவல்னு போட்டு வெச்சுட்றேன்."

ஆறு மணி ஒரு நிமிடத்துக்கு நைனா வலது காலை எடுத்து வைத்து உள்ளே நுழைந்தார். ஆதார் அட்டைகளை வாங்கிக்கொண்டு, வரவேற்பாளர் ஒரு தாளை நீட்டினார். அதில் ஒரு வரி: ரிசார்ட் கட்டணம் 750, ஜிஎஸ்டி தனி.

"செயலியில 2,400தான் போட்டிருந்துது," என்றேன்.

அவர் என் போனை வாங்கி, வாடகை, வரி, படங்கள், விமர்சனங்கள் எல்லாவற்றையும் தாண்டித் தள்ளிக்கொண்டே போய், அடியில் எறும்பளவு எழுத்தைக் காட்டினார். 'விடுதியில் நேரடியாகச் செலுத்த வேண்டியவை.' வேண்டாம் என்று திரும்பிப் போனாலும் 2,400 போகும் என்பதை அவர் சொல்லவில்லை. எனக்கே தெரியும்.

"எதுக்குய்யா இது?" என்றார் நைனா.

"நீச்சல் குளம், ஜிம், வைஃபை சார். யூஸ் பண்ணாலும் பண்ணாட்டியும் கட்டணும்."

"அப்ப எங்கய்யா குளம்?"

"எட்டு வரைக்கும் தெறந்திருக்கும் சார். ஆனா தலையில சந்தனம் இருந்தா எறங்கக் கூடாது. ஃபில்டர் அடைச்சுக்கும்."

"கழுவிட்டு எறங்குங்களேன்," என்றாள் அம்மா.

"சாமிக்குப் போட்டது. 750க்காக கழுவ மாட்டேன்."

பணத்தைக் கட்டினேன். அறைக்குக்கூடப் போகாமல் நைனா நேராகக் குளத்துக்கு நடந்து, வேட்டியை மடித்துக் கட்டி, விளிம்பில் உட்கார்ந்து இரண்டு கால்களையும் தண்ணீரில் விட்டார். பின்னாலேயே ஓடி வந்த வரவேற்பாளரிடம் நிதானமாகச் சொன்னார்:

"கால்ல சந்தனம் இல்ல. பாத்துக்கோ."

எட்டு மணிக்குக் குளத்து விளக்கை அணைக்கும் வரை அவர் எழுந்திருக்கவில்லை.