பழைய அடையாள அட்டை

எக்ஸ்ரே பிரிவில் அவளுக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பட்டப்பெயர். எந்தப் படத்தைக் கையில் கொடுத்தாலும், எலும்பைப் பார்ப்பதற்கு முன் ஓரத்திலிருக்கும் பெயரையும் தேதியையும் பார்ப்பாள். ஆளும் படமும் ஒன்றுதான் என்று தெரியாமல் மேலே போகமாட்டாள்.

அவளுடைய தங்கையும் அதே ஆஸ்பத்திரியில்தான் எக்ஸ்ரே எடுக்கும் வேலை பார்த்தாள். தங்கையின் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. அன்று மதியம் சாப்பாட்டு அறைக்குள் துள்ளிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, வேலை கிடைச்ச மாதிரிதான்! பெரிய ஆஸ்பத்திரி. ஆள் எடுக்கிற மேடமே, வேலை தேடுற தளத்துல என் பக்கத்தைப் பார்த்து, என்னைத் தேடி மெசேஜ் பண்ணியிருக்காங்க."

"தேடினாங்களா? நீ என்ன காணாமப் போன பிள்ளையா? பேட்டி எப்போ?"

"பேட்டியே இல்லையாம். பாஸ்போர்ட் காப்பி அனுப்பணும். போனுக்கு ஒரு ஓடிபி நம்பர் வரும், அதைச் சொன்னா போதுமாம்."

"ஒரு படம்கூட எடுத்துக் காட்டச் சொல்லாம எக்ஸ்ரே வேலையா?"

"உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம். 'உங்க ஆஸ்பத்திரியில விசாரிச்சாச்சு'ன்னு என் பணியாளர் நம்பரையே எழுதியிருக்காங்க. நம்ம தலைமை டெக்னீசியன்கூட அவங்க தொடர்புப் பட்டியல்ல இருக்கார்."

அக்கா போனை வாங்கிப் படித்தாள். பிறகு தங்கையின் கழுத்தில் தொங்கிய அட்டையைத் திருப்பிப் பார்த்தாள்.

"மெசேஜ்ல இருக்கிற நம்பர் வேறயா இருக்கே."

"அது பழசு. அட்டை தொலைஞ்சு, புது நம்பர் கொடுத்தாங்களே."

"விசாரிச்சிருந்தா புதுசைத்தானே சொல்லியிருப்பாங்க?"

தங்கையின் சுயவிவரப் பக்கத்தைத் திறந்தாள். இயந்திரத்தின் அருகே வெள்ளைக் கோட்டில் தங்கை சிரித்துக்கொண்டிருந்தாள். படத்தை விரலால் பெரிதாக்கியதும் மார்பிலிருந்த பழைய அட்டை தெரிந்தது. எண் பளிச்சென்று இருந்தது.

பக்கத்து மேசையில் தலைமை டெக்னீசியன் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், இந்த மேடத்தை உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா. நம்ம நர்ஸுங்க ரெண்டு பேர் அவங்க லிஸ்ட்ல இருந்தாங்க, சேர்த்துக்கிட்டேன். அவங்க யாரைப் பார்த்துச் சேர்த்தாங்களோ!"

"நிஜமாவே இருந்துட்டா? வேலை போயிடுமேக்கா," என்றாள் தங்கை. அவள் குரல் இறங்கியிருந்தது.

"நிஜம்னா, கேட்டா ஓடிட மாட்டாங்க."

மெசேஜில் இருந்த எண்ணை அக்கா தொடவில்லை. அந்த ஆஸ்பத்திரியின் சொந்த இணையதளத்தைத் தேடி, அதிலிருந்த எண்ணுக்கு அழைத்தாள். அந்தப் பெயரில் ஒருவர் உண்டு. ஆனால் அவர் படத்தையும் பெயரையும் திருடி யாரோ போலிக் கணக்கு நடத்துகிறார்கள் என்றார்கள். வேலைக்குத் தங்கள் இணையதளத்தில் மட்டுமே விண்ணப்பிக்க வேண்டும் என்றும் சொன்னார்கள்.

அப்போது தங்கையின் போன் அதிர்ந்தது. வேலைத் தளத்தில் அவளுடைய கணக்குக்குள் நுழைவதற்கான ஓடிபி. கூடவே, 'இதை யாரிடமும் சொல்ல வேண்டாம்' என்ற வரி.

"ஓடிபி அனுப்பின தளமே சொல்லாதேங்குது," என்றாள் அக்கா.

தங்கை பதிலே எழுதவில்லை. போலிக் கணக்கைப் புகார் செய்து, தடுத்து, கடவுச்சொல்லை மாற்றினாள். அட்டை தெரிந்த படத்தை நீக்கினாள்; தொடர்புப் பட்டியலைப் பிறர் பார்க்காதபடி மறைத்தாள். தலைமை டெக்னீசியனும் நர்ஸுகளிடம் சொல்லப் போனார்.

அடுத்த வாரம் இணையதளம் வழியாகப் போட்ட விண்ணப்பத்துக்குப் பதில் வந்தது.

"அக்கா! பேட்டி உண்டாம்! நேர்ல படம் எடுத்துக் காட்டணுமாம்!"

"அப்படிக் கேட்டாத்தான் ஆஸ்பத்திரி," என்றாள் அக்கா. அனுப்பியவரின் மின்னஞ்சல் முகவரியை ஒருமுறை பார்த்த பிறகுதான் சிரித்தாள்.