இரவல் வாங்கிய எட்டுத் தடைகள்

வருடம் பிறந்ததும் எங்கள் பள்ளிக்கூடத்து விளையாட்டு அறையைத் திறந்து, உள்ளே கிடப்பதை எல்லாம் முற்றத்தில் எடுத்துப் போடுவேன். அறை என்று சொல்வது மரியாதைக்குத்தான். மாடிப்படிக்குக் கீழே இருக்கும் பொந்து அது. குனிந்து போய்க் குனிந்தே வரவேண்டும். எதை வாங்குவது, எதைத் திருத்துவது, எதை இரவல் கேட்பது என்று அங்கேயே முடிவாகிவிடும்.

பொருட்களை வெயிலில் பரப்பிப் பார்க்க எனக்குப் பிடிக்கும். ஒரு பந்து எப்படிச் செத்துப்போகிறது என்று பார்ப்பதில் ஒரு சுவாரசியம் உண்டு. கரப்பந்து வலை நடுவில் கிழிவதே இல்லை, மேல்விளிம்புப் பட்டிதான் முதலில் இற்றுப்போகும். புதுப் பட்டி தைத்தால் இன்னும் இரண்டு வருடம் ஓடும். வலைப்பந்துகளோ வழுக்கத் தொடங்கிவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. காற்று அடிக்கலாம், பிடி வராது. ஆக வலை திருத்த, பந்து வாங்க. அதோடு வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து வரும் பணம் முடிந்துவிடும். தடைதாண்டல் ஓட்டத்துக்கான தடைகள் எப்போதும்போல் இரவல்தான்.

ருவான்வெல்லைக்கு மேலே, ரப்பர் மரங்களுக்கு நடுவே இருக்கிறது எங்கள் பள்ளிக்கூடம். இரவல் தருவது கீழே டவுனில் உள்ள சிங்களப் பள்ளிக்கூடம். வருடத்துக்கு ஒரு வாரம் எட்டுத் தடைகள் தருவார்கள். துருப்பிடித்தவை, இரண்டின் கால் ஆடும். ஆனாலும் அவற்றைக் கொண்டுவந்து இறக்கும் நாளில் எங்கள் அதிபர் காலைக் கூட்டத்தில் தவறாமல் எச்சரிப்பார். "இது நம்ம சாமான் இல்ல. ஒண்ணு உடைஞ்சாலும் அடுத்த வருஷம் தரமாட்டாங்க. பாத்துப் பழகுங்க."

அந்த வருடம் எனக்கு ஒரு வாரம் போதாது. பத்தாம் தரத்தில் ஒரு பிள்ளை இருந்தாள். ரப்பர் மரத்தில் பால்வெட்டும் குடும்பம். ஓட்டத்தில் மின்னல். ஆனால் முந்தின வருடம் வலயப் போட்டியில் கடைசிக்கு முன்னால் வந்தாள். ஒவ்வொரு தடைக்கும் மேலே ஒரு முழம் உயரப் பறந்தாள். காற்றில் மிதந்த நேரமெல்லாம் மற்றவர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். அந்த வயதுப் பிரிவில் அவளுக்கு இது கடைசி வருடம். மாகாணப் போட்டிக்குப் போனால் பெரிய பள்ளிக்கூடம் ஏதாவது கூப்பிடும், இல்லாவிட்டால் சாதாரண தரப் பரீட்சையோடு ஓட்டமும் முடிந்தது.

எனக்கு விளங்காத விஷயம் வேறொன்று. மற்ற மாதங்களில் செங்கல் அடுக்கி மூங்கில் வைத்துப் பழகுவாள். அதே உயரம்தான், நானே அளந்து வைப்பேன். மூங்கிலுக்கு மேல் உரசினாற்போல் போவாள், தட்டிவிட்டால் சிரித்துக்கொண்டே ஓடுவாள். இரும்புத் தடை வந்ததும் கொக்குபோல் எழும்புவாள். இரும்புக்குப் பயமா, வெள்ளைச் சாயம் கண்ணைக் கூசுகிறதா என்று என்னென்னவோ யோசித்தேன். கேட்டால், "தெரியல டீச்சர்" என்பாள்.

வரவுசெலவுத் திட்டம் போட நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்தோம். அதிபர், நான், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர். செயலாளர் தோட்டத்தில் ரப்பர் பால் ஏற்றும் டிராக்டர் ஓட்டுகிறவர். எதையும் சுற்றி வளைக்காமல் பேசுவார்.

"புதுசா வாங்கினா என்னா டீச்சர்?"

"வருஷக் காசு முழுக்கப் போட்டாலும் மூணுதாங்க வரும். பந்தே வாங்க முடியாது."

"அப்ப அவங்க தடையத் திருத்திக் குடுப்போம். அதுக்குப் பதிலா ரெண்டு மாசம் வச்சிக்கிறோம்னு கேளுங்க."

எனக்கு அவரைக் கும்பிடலாம் போலிருந்தது. அதிபர்தான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவர் அதைக் கழற்றினால் 'முடியாது' என்று அர்த்தம்.

"வேற ஸ்கூல் சாமானத் திருத்த அரசாங்கக் காசு எடுக்க ஏலாது. கணக்குப் பாக்க ஓடிட் வந்தா யாரு பதில் சொல்றது?"

"அரசாங்கக் காசு வேணாம் சேர். சங்கத்துக் காசுல எடுப்போம்."

"பெற்றோர் காசையும் ஊரான் சாமானுக்குத்தான் போடணுமா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஊரான் சாமானில் வருடாவருடம் ஓடுகிறோமே, அப்போது கூச்சமில்லையா என்று கேட்டேவிட்டேன். செயலாளர் மேலே மின்விசிறியைப் பார்த்தார். அது சுற்றவில்லை. அதிபர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "சங்கக் கூட்டத்துல வச்சிக் கேளுங்க" என்றார். கேட்டோம். பெற்றோர் சரி என்றார்கள்.

டவுன் பள்ளிக்கூடத்து விளையாட்டு மாஸ்டரும் சந்தோஷமாகவே ஒப்புக்கொண்டார். டிராக்டரில் எட்டுத் தடைகளும் மேலே வந்தன. ஆடும் கால்களைக் கடைவீதி வெல்டிங்காரர் ஒட்டினார். துரு சுரண்டும் வேலையைச் செயலாளரும் நானும் எடுத்துக்கொண்டோம். வெள்ளைச் சாயத்துக்குக் கீழே பச்சை வந்தது. பச்சைக்குக் கீழே நீலம். எத்தனை கைகள் பூசியிருக்கின்றன என்று பார்க்கும் ஆசையில் நான் தேவைக்கு மேலேயே சுரண்டினேன். நீலத்துக்குக் கீழே, அடிக்கம்பியில், வெல்டிங்கில் எழுதிய மூன்று எழுத்து தட்டுப்பட்டது. தமிழ் எழுத்து. எங்கள் பள்ளிக்கூடப் பெயரின் முதல் எழுத்துகள்.

செயலாளர் அடுத்ததைச் சுரண்டினார். அதிலும் இருந்தது. எட்டிலும் இருந்தது.

"டீச்சர், நம்ம சாமானத்தான் நம்ம இம்புட்டு நாளா இரவல் வாங்குனோமா?" என்று அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம்தான் வந்தது.

மறுநாள் அந்த மாஸ்டரையே வரச்சொல்லிக் காட்டினேன். குனிந்து, எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். எந்தக் காலத்தில் யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று அவருக்கும் தெரியவில்லை. அவர் வருவதற்கு முன்பே அங்கே இருந்தனவாம். நிமிர்ந்து, "ஹரி மிஸ், ஒயாலகே தமா" என்றார். உங்களுடையதுதான், வைத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். பிறகு காதைச் சொறிந்துகொண்டு கொச்சைத் தமிழில் கேட்டார்: "எங்க ஸ்போர்ட்ஸ் மீட்டுக்கு இரவல் தருவீங்களா?" அதற்குப் பிறகுதான் என் கோபம் இறங்கியது.

சாயம் காய்ந்த அன்று பின்னேரமே தடைகளை வரிசையாக நிறுத்தினேன். கால்கள் ஓடிவருகிறவரின் பக்கம் நீட்டியிருக்க வேண்டும், அப்போதுதான் தட்டினால் முன்பக்கம் சாயும். தடை சாய்வதற்கென்றே செய்யப்பட்டது. அந்தப் பிள்ளை ஓடி வந்தாள். முதல் தடையில் வழக்கம்போல் கொக்கு. இரண்டாவதில் பின்கால் பட்டு, தடை விழுந்தது. அவள் நின்றுவிட்டாள். திரும்பி வந்து, அதை இரண்டு கையாலும் தூக்கி நிறுத்தி, பாவாடை நுனியால் மண்ணைத் துடைத்தாள்.

"டீச்சர், பெயிண்டு கீறிருச்சு. அந்த ஸ்கூல்ல கேட்டா என்னா சொல்றது?"

எனக்கு அந்த நிமிடத்தில்தான் விளங்கியது.

"இதுக்குத்தான் அவ்வளவு ஒசக்கப் பாயிறியா?"

"உடைஞ்சா அடுத்த வருஷம் தரமாட்டாங்கன்னு பெரிய சேர் சொன்னாருங்களே."

"வலயப் போட்டியில? அங்க நம்ம இரவல் வாங்கலியே."

அவள் என்னை ஒன்றும் தெரியாதவளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"அதுவும் யாரோடதோ தானுங்களே டீச்சர்."

அவளைக் கூட்டிப்போய் அடிக்கம்பியைக் காட்டினேன். புதுச் சாயத்துக்குள்ளும் எழுத்து புடைத்துக்கொண்டு தெரிந்தது. விரலால் தடவி, எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"நம்மளதா?"

"நம்மளது. போ, எட்டையும் தள்ளிட்டு வா."

அவள் கோட்டுக்குத் திரும்பி நடந்தாள். பாதி வழியில் நின்று, "நெசமாவா டீச்சர்?" என்று கத்தினாள். நெசமாகத்தான் என்று நானும் கத்தினேன். ஓடி வந்தாள். இரண்டாவது தடை விழுந்தது, ஐந்தாவது விழுந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.