பஞ்சப்படி இல்லாத நாலு சதவீதம்

கலியன் நாற்பத்தாறு வயதில் உலகத்தைத் துறக்க முடிவு செய்தார். காவி கட்டிக்கொண்டு அல்ல, எக்செல் கோப்பு ஒன்றை வைத்துக்கொண்டு. புனேயில் சாங்விக்குப் பக்கத்துக் குடியிருப்பிலிருந்து ஹிஞ்ஜவாடி மென்பொருள் கம்பெனிக்கு இருபது வருடமாகப் போய் வந்தவருக்கு, அந்தப் போக்குவரத்து நெரிசலே பாதி ஞானத்தைக் கொடுத்துவிட்டது. மீதி ஞானத்தை ஓர் அமெரிக்க இணையதளம் இலவசமாகக் கொடுத்தது.

அந்த ஞானத்தின் பெயர் நாலு சதவீத விதி. ஒரு வருடச் செலவைப் போல இருபத்தைந்து மடங்கு பணம் சேர்த்துவிட்டால் போதும். பாதியைப் பங்குகளில் போடு, பாதியைக் கடன் பத்திரத்தில் போடு. முதல் வருடம் மொத்தத்தில் நாலு சதவீதம் எடு. அடுத்த வருடத்திலிருந்து விலைவாசி ஏறுகிற அளவுக்கு அந்தத் தொகையை ஏற்றி ஏற்றி எடுத்துக்கொண்டே போ, முப்பது வருடத்துக்குப் பணம் தீராது. கலியனுக்கு மாதம் அறுபதாயிரம் செலவு, வருடத்துக்கு ஏழு லட்சத்து இருபதாயிரம். இருபத்தைந்தால் பெருக்கினால் ஒரு கோடியே எண்பது லட்சம். அது சேர்ந்துவிட்டது. மகள் காவ்யாவின் அமெரிக்கப் படிப்புக்கு நாற்பத்தைந்து லட்சம் தனியாக இருந்தது.

விதி யாருக்காக எழுதப்பட்டது என்று கலியன் கேட்கவில்லை. அமெரிக்காவில் அறுபது, அறுபத்தைந்தில் ஓய்வு பெறுகிறவனுக்காக, அந்த ஊர் விலைவாசியையும் அந்த ஊர்ப் பங்குச் சந்தையையும் பின்னோக்கிப் பார்த்து எழுதியது அது. இணையதளத்திலிருந்து இறக்கிய கோப்பில் கலியன் செய்த திருத்தம் ஒன்றே ஒன்றுதான். டாலர் குறியை எடுத்துவிட்டு ரூபாய்க் குறியைப் போட்டார். இந்தியமயமாக்கல் முடிந்தது.

மனைவி தமிழரசியின் சம்பளத்தை அவர் அந்தக் கோப்பில் சேர்க்கவே இல்லை. தமிழரசி கட்கியில் மத்திய அரசின் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் சம்பளப் பிரிவு எழுத்தர். அப்பா வேலையில் இருக்கும்போதே இறந்ததால் இரண்டாயிரத்து இரண்டில் கிடைத்த வேலை, பழைய பென்ஷன் உள்ள வேலை. கலியன் அதற்கு வைத்திருந்த பெயர் 'அந்தச் சில்லறை'. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடமாகத் தீபாவளிக்குத் தீபாவளி அந்தப் பெயர் சொல்லப்பட்டது. பெண்டாட்டியின் சில்லறையை நம்பி ஓய்வு பெறுவது சுதந்திர மனிதனுக்கு அழகா?

இந்தத் தீபாவளி கழிந்த ஞாயிற்றுக்கிழமை, ராஜினாமாக் கடிதம் மடிக்கணினியில் தயாராக இருந்தது. திங்கள் காலை அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. கூட வேலை பார்க்கும் ஷ்ரேயஸிடம் விஷயத்தைச் சொல்லியாகிவிட்டது, அவன் வழியனுப்பு விழாவுக்கு ஆட்களிடம் ஆளுக்கு ஐந்நூறு வசூலித்தும் விட்டான். ஆக, திரும்பிப் போகிற வழியைக் கலியன் தானே அடைத்துவிட்டார்.

தமிழரசி சாப்பாட்டு மேஜையின் மறுபக்கம் உட்கார்ந்து ஏதோ தாளில் கூட்டிக்கொண்டிருந்தாள். விலைவாசியைப் பார்த்துச் சர்க்கார் சம்பளத்தோடு ஏற்றித் தருகிற பஞ்சப்படி ஜூலையிலிருந்து உயர்ந்திருந்தது, அதற்கு நிலுவை போடுகிற வேலை வீடு வரை வந்துவிட்டது. கலியன் பெருந்தன்மையோடு கோப்பை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். தொண்ணூறு வயது வரை எல்லாக் கட்டமும் பச்சையாக இருந்தது.

அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டு மேலிருந்து கீழே பார்த்தாள். சம்பளப் பட்டியல் பார்த்துப் பழகிய கண், நேராக ஒரு கட்டத்தில் போய் நின்றது.

"ஏங்க, இதுல பஞ்சப்படி மூணு சதவீதம்னு இருக்கே. யாரு குடுத்தா?"

அது பஞ்சப்படி இல்லை, பணவீக்கம் என்று கலியன் விளக்கினார். ரெண்டும் ஒண்ணுதாங்க என்றாள் அவள். இரண்டாயிரத்துப் பதினாறில் புதுச் சம்பளக் கமிஷன் வந்தபோது பஞ்சப்படி சைபர், இப்போது ஐம்பத்தெட்டு சதவீதம். ஒன்பதரை வருடம். மூன்று சதவீதம் ஏறியிருந்தால் முப்பத்திரண்டுதான் வந்திருக்கும். கொடுப்பதென்றால் கை நடுங்குகிற சர்க்காரே ஐந்து சதவீதக் கணக்கில் கொடுத்திருக்கிறது. நம் வீட்டுச் செலவு நோட்டில் பார்த்தால் ஏழு. ஆஸ்பத்திரிக் காப்பீட்டின் பிரீமியம் மட்டும் பதினெட்டாயிரத்திலிருந்து ஐம்பத்திரண்டாயிரம் ஆனது இந்தக் கோப்புக்குத் தெரியுமா என்று கேட்டாள்.

"நீங்களே ஏழு போட்டுப் பாருங்க," என்றாள்.

கலியன் சிரித்துக்கொண்டே போட்டார். சிரிப்பு பாதியில் நின்றது. போட்ட பணத்துக்குக் கோப்பில் எழுதியிருந்த வருமானம் ஏழு சதவீதம். வருவதும் ஏழு, விலைவாசியும் ஏழு என்றால் பணம் வளரவே இல்லை, இருபத்தைந்து மடங்கு இருபத்தைந்து வருடத்தில் தீர்ந்தது. எழுபத்தொன்றுக்கு மேல் எல்லாம் சிவப்பு.

நம்ம ஊர்ப் பங்குகள் அமெரிக்காவை விட அதிகம் தருமே என்று வாதாடினார். உண்மைதான். பங்குக்குப் பதினொன்று, கடன் பத்திரத்துக்கு ஏழு, சராசரி ஒன்பது என்று மாற்றினார். எழுபத்தொன்பது வரை பச்சை வந்தது. தொண்ணூறு வரவில்லை. அதிலும் ஒன்பது வருடா வருடம் ஒழுங்காக வர வேண்டும். ஓய்வு பெற்ற மறுவருடமே சந்தை விழுந்தால், விழுந்த பங்கை விற்றுத்தான் அரிசி வாங்க வேண்டும். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. அவருக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

அப்போது காவ்யா குளிர்சாதனப் பெட்டியைத் திறக்க வந்தவள், அப்பாவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். அவளுடைய தமிழ் எப்போதும் பாதி வழியில் ஹிந்திக்கு இறங்கிவிடும்.

"அரே பப்பா, ஃபீஸ் நாப்பத்தஞ்சு லட்சமா? டாலர் எழுபத்தஞ்சுனு போட்டிருக்கீங்க. அது பஹுத் பழசு. இப்ப எண்பத்தெட்டு."

அந்தக் கட்டம் நாலு வருடத்துக்கு முன் எழுதியது. அறுபதாயிரம் டாலருக்கு எண்பத்தெட்டு என்றால் ஐம்பத்திரண்டு லட்சத்து எண்பதாயிரம். துண்டு விழுவது ஏழு லட்சத்து எண்பதாயிரம், ஒரு வருடச் சாப்பாட்டுக்கும் மேல். அமெரிக்காவில் ஓய்வு பெறுகிறவன் பிள்ளையின் படிப்புக்கு டாலர் விலை பார்ப்பதில்லை, அவன் சம்பாதித்ததே டாலர். கலியன் சேர்த்தது ரூபாயில், செலவழிக்கப் போவது டாலரில். துண்டு விழுந்ததை மூலதனத்திலிருந்து கழித்ததும் எழுபத்தொன்பது எழுபத்தேழு ஆனது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். கலியனுடையது அமெரிக்க ஏட்டுச் சுரைக்காய்.

காவ்யா தண்ணீர் பாட்டிலோடு போய்விட்டாள். அப்பாவின் ஓய்வு வாழ்வில் இரண்டு வருடத்தை எடுத்துக்கொண்டு போனது அவளுக்குத் தெரியாது.

தமிழரசி நிலுவைத் தாளை மடித்தாள்.

"பயப்படாதீங்க. காசு தீந்தா என் பென்ஷன் இருக்கு. அதுக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவ பஞ்சப்படி ஏறும். உங்க நாலு சதவீதத்துக்கு யாரு ஏத்துவா?"

குத்தலாகச் சொல்லவில்லை, சம்பளப் பிரிவில் ஒரு பியூனுக்கு விளக்குகிற மாதிரிதான் சொன்னாள். அதுதான் கலியனுக்கு உறைத்தது. விலைவாசி ஏறினால் தானும் ஏறுகிற பணம் அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான், அதற்குத்தான் இருபத்திரண்டு வருடமாகச் சில்லறை என்று பெயர். அவருக்கு வெட்கமாக இருந்தது. இருந்தாலும் மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

திங்கட்கிழமை காலை வாகட் மேம்பாலத்துக்குக் கீழே நாற்பது நிமிடம் நின்ற பிறகு கலியன் ஆபீஸ் போய்ச் சேர்ந்தார். ராஜினாமாக் கடிதம் போகவில்லை. வழியனுப்பு வசூலைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னதற்கு, கேக்குக்கு முன்பணம் கட்டியாகிவிட்டதே என்று ஷ்ரேயஸ் வருத்தப்பட்டான். மாலையில் போகாத ஆளுக்கே வழியனுப்பு நடந்தது. கலியன் நன்றியுரை ஆற்றி, கேக்கும் சாப்பிட்டார்.

வீட்டுக்கு வந்து கோப்பைத் திறந்து, கடைசி வரிக்குக் கீழே புதிதாக ஒரு வரி சேர்த்தார். அதற்கு என்ன பெயர் வைப்பது என்று கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு தமிழரசி என்றே எழுதினார். சமையலறைப் பக்கம் திரும்பி, இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தடவைகூடக் கேட்காததைக் கேட்டார்.

"தமிழு, அடுத்த பஞ்சப்படி எப்ப?"

"ஜனவரில," என்றாள் அவள்.