எட்டு ரூபாய் மலிவான அரிசி

என் தங்கை சிட்டெம்மா குவைத்தில் ஒரு வீட்டுச் சமையற்கட்டில் ஒன்பது வருஷம் இருந்தவள். அவள் மகள் ஸ்ரவந்தியை ராஜம்பேட்டையில் நான் வளர்த்தேன். குழந்தை என்னைத்தான் அம்மா என்று கூப்பிடும். அவளைக் குவைத்தம்மா என்னும்.

இந்தத் தடவை விடுப்பில் வந்தவள், திரும்பிப் போகக்கூடாது என்று பஸ் நிலையத்துக்கு எதிரே சாப்பாட்டுக் கடை போட்டாள். விடுப்பு முடிவதற்குள் கடை தன் காலில் நிற்க வேண்டும். இல்லையென்றால் விமானம்தான்.

சங்கராந்தி சமயம். புது அரிசிப் பொங்கல் வைத்த கையோடு கடைக்கும் அதையே வாங்கினோம். கிலோ நாற்பத்தெட்டு, பழைய சோனா மசூரி ஐம்பத்தாறு.

"எட்டு ரூபா குறைச்சல்மா, கண்ணை மூடிக்கிட்டு எடு" என்றார் அரிசி மண்டி ஓபுலய்யா.

கூட்டம் வந்தது, பணம் நிற்கவில்லை. இரண்டாம் பந்தியிலேயே பானை காலியாகும். மறுபடி உலை வைப்போம்.

"என்ன சிட்டெம்மா, இன்னிக்கும் களியா?" என்று ஒரு பஸ் டிரைவர் கேட்டார். "பிடிச்சு உருட்டினா கோலி ஆடலாம் போல."

"ஆடிட்டுக் காசு வச்சிட்டுப் போண்ணா" என்றாள். உள்ளே வந்து காசுப் பெட்டியை ஒரு தடவை பார்த்தாள்.

"பழசும் ஒரு கிலோ வாங்கிட்டு வா அக்கா. வடிச்சுப் பாக்கணும்."

"விலை அதிகமாச்சேடி."

"நாம அரிசியா பரிமாறுறோம்? சோறுதானே."

இரண்டிலும் ஒரு கிலோ எடுத்துத் தனித்தனியாக வடித்து, நீர் சொட்டியபின் தராசில் வைத்தாள். புதுசு இரண்டரைக் கிலோ சோறு. பழசு தண்ணீரை நன்றாக இழுத்து, மூன்றே கால். தட்டுக்கு நானூறு கிராம் என்றால் புது அரிசி ஏழு ரூபாய் எழுபது காசு. பழையது ஏழு ரூபாய்க்கும் உள்ளே. இரண்டாம் உலைக்கான எரிவாயு வேறு. நான் படித்தது எட்டாவதுதான்; ஆனாலும் மூன்று முறை போட்டுப் பார்த்தேன். என் தங்கை கணக்கு தப்பவில்லை.

"மலிவுன்னு வாங்கி தினமும் நஷ்டத்தைப் பரிமாறியிருக்கோம்" என்றாள். மிச்சப் புது அரிசியை இட்லி மாவுக்கு ஒதுக்கினாள்.

அந்த மாதம் கடை கையைக் கடிக்கவில்லை. அடுத்த மாதம் கொஞ்சம் மிஞ்சியது. விமானம் புறப்பட வேண்டிய நாளில் அவள் உலைக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள். குவைத்துக்குப் போன் பண்ணி வரவில்லை என்று சொன்னதாக, அரிசி கொதித்தபின்தான் சொன்னாள்.

மதியம் ஸ்ரவந்தி பள்ளியிலிருந்து நேரே கடைக்கு வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, இன்னும் ஒரு கரண்டி."

பழக்கத்தில் என் கை கரண்டிக்குப் போனது. இழுத்துக்கொண்டேன். சிட்டெம்மா வந்து வைத்தாள்; வேண்டியதற்கு மேலேயே வைத்தாள். குழந்தை தலை நிமிராமல் சாப்பிட்டது. யார் வைத்தது என்று அது பார்க்குமா என்று, கரண்டியும் கையுமாக அவள் நின்றுகொண்டே இருந்தாள்.