ஆள் எடுத்த மைதானமும் என் இடது காதும்

அந்த வருடம் எனக்குக் கடலைக் கண்டால் பயம் வந்துவிட்டது. கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கிறவன் இதை வாய்விட்டுச் சொல்ல முடியாது. அப்பா கடைசி முத்துக்குளிப்பில் இறங்கியவர். அதன் பிறகு முத்து இல்லை, சங்குதான். அண்ணன் வள்ளத்தில் நின்று கயிறு பிடிப்பான், நானும் இன்னொருவரும் இறங்குவோம். எனக்கு இருபது வயது.

மார்கழியில் ஒரு நாள், எட்டுப் பாகம், அதாவது எட்டு ஆள் ஆழத்தில், என் இடது காதுக்குள் ஏதோ படாரென்று கிழிந்தது. சில்லென்று தண்ணீர் உள்ளே பாய்ந்தது. அடுத்த நொடி எல்லாம் சுற்ற ஆரம்பித்தது. மேலே எது, கீழே எது என்று தெரியவில்லை. மணல் தலைக்கு மேலே இருப்பது போல இருந்தது. கையில் கயிறு இருந்ததால் பிழைத்தேன். மேலே வந்ததும், "கெண்டைக்காலு பிடிச்சுக்கிட்டு" என்று அண்ணனிடம் பொய் சொன்னேன். மறுநாளும் இறங்கினேன். அதற்கு மறுநாளும். எண்ணெயில் நனைத்த பஞ்சைக் காதில் அடைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் இதுதான் கடைசி என்று நினைத்தபடி இறங்கினேன்.

மாசியில் பள்ளிக்கூட மைதானத்தில் பட்டாளத்துக்கு ஆள் எடுப்பதாகச் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். எட்டாம் வகுப்புச் சான்றிதழையும், மாதா கோயில் சாமியார் எழுதித் தந்த நன்னடத்தைக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு போனேன். "சும்மா ஓடிப் பார்த்துட்டு வாரேன்" என்று அண்ணனிடம் சொன்னேன். அவன் சிரித்தான்.

விடிந்தபோது மைதானத்தில் ஐந்நூறு பேராவது இருந்திருப்போம். ஸ்ரீவைகுண்டத்து வயல்காரப் பையன்கள், சாத்தான்குளத்துப் பனங்காட்டுப் பையன்கள், எங்கள் கடற்கரையில் சிலர். முதலில் உயரம். செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகால் இரண்டும் மரத்தோடு ஒட்ட, முதுகு நிமிர நிற்க வேண்டும். மேலிருந்து ஒரு கட்டையை இறக்கித் தலையில் வைப்பார்கள். எனக்கு முன்னால் நின்றவன் தலைமுடியைத் தூக்கிச் சீவியிருந்தான். ஹவில்தார் கட்டையை அழுத்தி முடியை அமுக்கிவிட்டார். குதிகாலை லேசாகத் தூக்கியதையும் பூட்ஸ் முனையால் தட்டிக் காட்டினார். "போலாம்" என்றார். அவன் அங்கேயே நின்று அழுதான். எனக்கு உயரம் தேறியது. கையில் நீல மையால் ஒரு எண் எழுதினார்கள்.

அடுத்தது ஒரு மைல் ஓட்டம். நாற்பது பேராக விட்டார்கள். விசில் ஊதியதும் எல்லோரும் முழங்கையால் இடித்துக்கொண்டு பாய்ந்தோம். மைதானத்தில் பாதி மணல். மூச்சுக்கு எனக்குக் குறைவில்லை, ஆனால் கால்கள் கடலுக்குப் பழகியவை. நான்காவது சுற்றில் தொடை இரண்டும் கல்லாகிவிட்டன. எல்லைக்கோட்டில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நேரம் முடிந்ததும் இரண்டு சிப்பாய்கள் குறுக்கே கயிற்றை இழுத்துப் பிடித்துவிடுவார்கள். அதற்குப் பின்னால் வருகிறவன் எத்தனை வேகமாக வந்தாலும் வீட்டுக்குத்தான். நான் தாண்டிய மறுநிமிடம் கயிறு இறங்கியது. அதில் மார்பு முட்டி விழுந்த ஒருவன் எழுந்திருக்கவே இல்லை. இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போய் நிழலில் போட்டுத் தண்ணீர் தெளித்தார்கள். அவன் கண் திறக்கும்வரை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கம்பியில் தொங்கி உடம்பைத் தாடை மட்டத்துக்கு இழுப்பது எனக்குச் சிரமமாக இல்லை. ஒன்பது அடிப் பள்ளத்தையும் தாண்டினேன். பயம் வந்தது அதற்கு அடுத்ததில்தான். வளைந்து வளைந்து போகும் ஒரு பலகை. ஒரு பாதம் வைக்கும் அகலம்தான். தரையில் கால் படாமல் அதன் மேல் நடந்து மறுமுனைக்குப் போக வேண்டும். யாருக்கும் அது பெரிய விஷயமில்லை, விளையாட்டுப் போல நடந்தார்கள். எனக்கோ, காது கிழிந்ததிலிருந்து வேகமாகத் திரும்பினாலே தலை சுற்றும். முதல் வளைவில் உடம்பு இடப்பக்கமாகச் சாய்ந்தது. மைதானம் மெல்லச் சரிய ஆரம்பித்தது. கீழே பார்க்காமல், எதிரே நின்ற சிப்பாயின் தொப்பியையே பார்த்துக்கொண்டு நடந்தேன். இறங்கியபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

மார்பளவு எடுத்தவர் டேப்பைத் தோள்பட்டை எலும்புக்குக் கீழாகச் சுற்றி, கையைத் தொங்கவிடச் சொன்னார். "மூச்சை வெளிய விடு. இப்ப இழு." இரண்டு அங்குலம் விரிந்தால் போதும். அவர் டேப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஏமாற்றுகிறேனோ என்று மறுபடியும் அளந்தார். "என்னப்பா வேலை?" என்றார். "சங்கு குளி" என்றேன். பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தவரும் சிரித்தார். அந்த இரண்டு நாளில் நான் பயப்படாமல் இருந்தது அந்த ஒரு நிமிடம்தான்.

மறுநாள் மருத்துவப் பரிசோதனை. ஒரு வகுப்பறையில் பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளியிருந்தார்கள். பத்துப் பத்துப் பேராக உள்ளே போய் உடைகளைக் களைந்துவிட்டு நின்றோம். டாக்டர் வடக்கத்தி அதிகாரி. அவர் இந்தியில் சொல்வதை உதவியாளர் தமிழில் சொன்னார். கைகளைத் தூக்கு, உட்கார்ந்து எழு, முழங்கால்களைச் சேர்த்து நில், இருமு. இருமும்போது அடிவயிற்றில் கை வைத்துக் குடலிறக்கம் பார்த்தார். ஒருவனுக்கு நின்றால் முழங்கால்கள் முட்டின. ஒருவனுக்குப் பாதத்தில் வளைவே இல்லை, ஈரக்காலைச் சிமெண்டில் வைத்தபோது முழுப் பாதமும் பதிந்தது. இருவரையும் ஒன்றும் சொல்லாமல் வேறு பக்கம் நிறுத்தினார்கள். கண்ணுக்குச் சுவரில் எழுத்து அட்டை, பிறகு வண்ணப் புள்ளிகளுக்குள் எண் தெரிகிறதா என்று ஒரு புத்தகம். பல்லை எண்ணினார்கள். இதயத்தில் குழல் வைத்தபோது டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "ஏன் இப்படி அடிக்குதுன்னு கேக்காரு" என்றார் உதவியாளர்.

காதுக்கு முதலில் சத்தம் பார்த்தார்கள். அறையின் மறுமுனையில் நின்ற உதவியாளருக்கு முதுகு காட்டி நின்றேன். நான் ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு, அவர் கிசுகிசுப்பதைத் திரும்பச் சொல்ல வேண்டும். "எண்பத்தேழு." சொன்னேன். வலது காதை அடைத்தேன். ஒரு இழை போல வந்தது, "பதினாறு". அதையும் சொன்னேன். தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

டாக்டர் சிறு விளக்கு வைத்த கருவியை எடுத்தார். எனக்கு முன்னால் ஒருவனுக்குக் காதில் அழுக்கு அடைத்திருந்தது. ஆஸ்பத்திரியில் சுத்தம் செய்துகொண்டு வரச் சொல்லி அனுப்பினார். என் வலது காதைப் பார்த்தார். இடது காதில் கருவி அப்படியே நின்றது.

"மூக்கைப் பிடிச்சு, வாயை மூடிக்கிட்டு ஊது" என்றார் உதவியாளர்.

நாள் முழுக்க நான் தண்ணீருக்குள் செய்கிற காரியம் அது. காதில் அழுத்தம் ஏறும்போது மூக்கைப் பிடித்து ஊதித்தான் கீழே போவோம். ஊதுவது போல நடிக்கலாம் என்று தோன்றியது. கன்னத்தை மட்டும் உப்பினேன். டாக்டர் என் தோளில் தட்டினார். ஊதினேன். இடது காதிலிருந்து புஸ்ஸென்று காற்று வெளியேறியது. எனக்குக் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும்.

தாளில் எழுதினார். "ஜவ்வுல சின்ன ஓட்டை. சீழ் இல்ல. இப்போதைக்கு அன்ஃபிட். மூணு மாசம் காதுல சொட்டுத் தண்ணி படக்கூடாது. ஆஸ்பத்திரியில காட்டு. மூடிக்கிட்டா ரிக்ரூட்டிங் ஆபீசுக்கு வா, மறுபடி பார்ப்பாங்க. மூடாட்டி இல்ல" என்று உதவியாளர் சொன்னார்.

மூன்று மாதம் என்றால் மிச்ச சீசன் முழுக்க. அண்ணனிடம் சொல்லாமல் முடியாது. கரையில் வள்ளத்துக்குப் பக்கத்தில் வலைப்பை தைத்துக்கொண்டிருந்தான். சீட்டைக் காட்டினேன்.

"அன்னைக்குக் காலு பிடிக்கல. காது கிழிஞ்சிட்டு. இனிமே நான் இறங்கல."

"என்னல சொல்லுத? வள்ளத்துக்கு ஆளு?"

"எனக்குப் பயமா இருக்கு, அண்ணே."

ஊசியைக் கீழே வைத்தான். அடிப்பான் என்று நினைத்தேன்.

"தலையணையில ரத்தம் கிடந்தத நான் பார்த்தேன்" என்றான். "அன்னைக்கே பார்த்தேன். கேட்டா நீ இறங்க மாட்டியேன்னு கேக்கல."

அன்றைக்குக் கடலுக்கு அடியில் வந்ததைவிடப் பெரிய பயம் எனக்கு அப்போது வந்தது. இரண்டு மாதமாக, என் காது கிழிந்தது தெரிந்தே அவன் மேலே கயிறு பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் திரும்பி வந்துவிட்டேன். அதன் பிறகு நாங்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. பக்கத்துக் கடற்கரையிலிருந்து ஒரு குளியாளைச் சேர்த்துக்கொண்டு வள்ளம் போனது.

அரசு ஆஸ்பத்திரியில் மாதத்துக்கு இரண்டு தடவை காதைக் காட்டினேன். வீட்டில் கழுத்துவரைதான் குளிப்பேன். மழை பெய்தால் வெளியே போக மாட்டேன். தும்மல் வந்தால் வாயைத் திறந்துகொள்ளச் சொல்லியிருந்தார்கள். அதற்கும் பயம். ஆறாவது வாரம் டாக்டரம்மா, "ஓரத்துல மூடிட்டு வருது" என்றார். எட்டாவது வாரம் சளி பிடித்தது. நான்கு நாள் காது வலித்தது. காது போயிற்று என்று படுத்துக்கொண்டேன். போகவில்லை.

வைகாசியில் ரயிலேறி ரிக்ரூட்டிங் ஆபீஸ் இருந்த ஊருக்குப் போனேன். வேறு டாக்டர். சீட்டைப் படித்துவிட்டு விளக்கை வைத்துப் பார்த்தார். மறுபடியும் ஊதச் சொன்னார். மூன்று மாதம் தும்மலுக்குக்கூட அஞ்சியவனை ஊதச் சொன்னால்? புதிதாக மூடியது கிழிந்துவிட்டால்? விரல் மூக்கில் இருந்தது, மூச்சு வரவில்லை. அவர் காத்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டு ஊதினேன். காதுக்குள் அடைப்பது போல ஒரு மெல்லிய அழுத்தம். அவ்வளவுதான். சத்தம் இல்லை.

சிறுநீரும் எக்ஸ்ரேயும் பார்த்தார்கள். சாயங்காலம் ஒரு வராந்தாவில் தேறியவர்களின் எண்களை வாசித்தார்கள். என் எண் வந்தபோது பக்கத்திலிருந்தவன் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

ஆடியில் அழைப்புக் கடிதம் வந்தது. ஸ்டேஷனுக்கு அண்ணன் வந்தான். டிரங்குப் பெட்டியை உள்ளே ஏற்றிவிட்டு ஜன்னலோரம் நின்றான்.

"எங்க போடுவாங்களாம்?"

"தெரியல. முதல்ல டிரெய்னிங்."

"லெட்டர் போடுல" என்றான். வண்டி நகர்ந்ததும் கூடவே கொஞ்ச தூரம் நடந்து வந்தான். நான் கையை அசைத்தேன். அவனை அப்போதும் நான் முழுதாக மன்னித்திருக்கவில்லை. முதல் கடிதம் எழுத எனக்கு நாலு மாதம் ஆயிற்று.