கேட்டவர்களே கொடுக்க வேண்டிய காகிதம்

அந்தச் சான்றிதழ் இப்போது எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. என் மகள் இன்ன கல்லூரியில் இன்ன ஆண்டு படிக்கும் உண்மையான மாணவி என்று முதல்வர் கையெழுத்துப் போட்டு, வட்ட முத்திரையும் வைத்துக் கொடுத்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது.

மகள் தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு உயிர்வேதியியல் படிக்கிறாள். கோடை விடுமுறையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்தாள். தேர்வானவர்கள் பட்டியலில் பெயர் வந்ததும் அவள் எங்கள் முடிச்சூர் தெருவில் செருப்பில்லாமல் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை மாலைக்குள் ஒரு படிவத்தை முதல்வரின் கையெழுத்தோடு இணையத்தில் ஏற்ற வேண்டும். தவறினால் காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்கு இடம் போய்விடும். படிவத்தின் கீழே 'போனஃபைட் சான்றிதழ் இணைக்கவும்' என்று ஒரு வரி.

திங்கட்கிழமை படிவத்தோடு கல்லூரி அலுவலகத்துக்குப் போனாள். கவுண்டரில் இருந்தவர் படிவத்தைப் புரட்டிவிட்டுத் திருப்பித் தள்ளியிருக்கிறார்.

"போனஃபைட் எங்க? அது இல்லாம சீல் போட முடியாது. கொண்டா."

"சார், அது எங்க சார் வாங்கணும்?"

"செகண்ட் இயர் படிக்கிற, போனஃபைட் இன்னான்னு தெரியாதா? நல்லா படிச்ச போ!"

பின்னால் வரிசையில் நின்ற பையன்கள் சிரித்தார்கள். அவள் படிவத்தைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டாள். என்னிடம் சொன்னபோது அந்தச் சிரிப்பு தந்த அவமானம் அவள் முகத்தில் இன்னும் ஒட்டியிருந்தது. "அம்மா, போனஃபைட்னா இன்னாம்மா? நான் ஒழுங்கான பொண்ணுன்னு யாராச்சும் எழுதித் தரணுமா?" என்றாள்.

நான் பி.காம். படித்தவள். காப்பீட்டு முகவர் ஒருவரின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். சொல் காதில் விழுந்ததுதான், பொருள் தெரியாது. என் காலத்தில் பஸ் பாஸ் படிவத்திலேயே கல்லூரியில் கையெழுத்து வாங்கிக்கொள்வோம். தனியாக ஒரு சான்றிதழ் வாங்கியதில்லை. 'கொண்டா' என்று ஒருவர் சொன்னால் அது வெளியிலிருந்து கொண்டுவர வேண்டிய பொருள் என்றுதானே நினைப்போம்? நம் ஊரில் சான்றிதழ் என்றால் சாதி, வருமானம், இருப்பிடம் எல்லாம் இ-சேவை மையம்தான். மறுநாள் காலை அவளை அங்கே அழைத்துப் போனேன்.

கணினி முன் இருந்த இளைஞர் நன்றாகத்தான் பேசினார். "அக்கா, கம்யூனிட்டி கீது, இன்கம் கீது, நேட்டிவிட்டி கீது, ஃபர்ஸ்ட் கிராஜுவேட் கீது. போனஃபைட்டுன்னு லிஸ்ட்லயே இல்லையே!" கொஞ்சம் யோசித்தார். "காலேஜ்ல கேக்குறாங்கன்னா நேட்டிவிட்டியா இருக்கும்கா. ஒரிஜினலா இந்த ஊர்க்காரங்களான்னு பாப்பாங்க." ஆதாரும் ரேஷன் கார்டும் ஸ்கேன் செய்து இருப்பிடச் சான்றுக்கு விண்ணப்பித்தார். கிராம நிர்வாக அலுவலர் பார்த்து, வருவாய் ஆய்வாளர் பார்த்து வர நாளாகும், நேரில் போய்ச் சொன்னால் சீக்கிரம் வரும் என்றார். புதன்கிழமை அரை நாள் விடுப்பு போட்டு, கிராம நிர்வாக அலுவலகத்தின் வாசலில் நின்றேன். தேவையே இல்லாத ஒரு சான்றிதழுக்காக, யாரோ ஓர் அதிகாரியிடம் "கொஞ்சம் சீக்கிரம் சார், பொண்ணு படிப்பு சார்" என்று கெஞ்சினேன்.

அன்று பிற்பகல் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரியிடம் புலம்பியபோது அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அய்யோ அக்கா! அது காலேஜே குடுக்குறது. என் பையனோட எஜுகேஷன் லோனுக்கு வாங்கினேன். இந்தப் பொண்ணு எங்ககிட்டதான் படிக்குதுன்னு அவங்களே எழுதித் தருவாங்க. வேற ஒண்ணுமில்ல!"

கேட்டவரே கொடுக்க வேண்டிய காகிதம்! அந்தக் கவுண்டருக்குப் பின்னால், அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் கணினியில் அச்சாக வேண்டிய காகிதம். என் மகள் அங்கே படிக்கிறாள் என்பது உலகத்தில் வேறு யாரைவிடவும் அவர்களுக்குத்தான் தெரியும். அதைப் போய் அவளைக் கொண்டுவரச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

வியாழக்கிழமை முழு விடுப்பு. நானும் கூடப் போனேன். நடைமுறை என்னவென்று எங்களுக்கு வரிசையாகச் சொன்னவள் மகளின் வகுப்பு ஆலோசகர், ஒரு சின்ன வயது ஆசிரியை. முதல்வருக்கு ஒரு விண்ணப்பக் கடிதம் எழுத வேண்டும். எதற்காகச் சான்றிதழ் என்பதைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும், ஏனென்றால் அந்த நோக்கம் சான்றிதழிலேயே அச்சாகும். ரயில் பாஸுக்கு வாங்கியதை வங்கி ஏற்காது, வங்கிக்கு வாங்கியதை ஆய்வுக்கூடம் ஏற்காது. வகுப்பு ஆலோசகரும் துறைத் தலைவரும் அதில் கையெழுத்திட வேண்டும். அடையாள அட்டை நகலை இணைக்க வேண்டும். கட்டணப் பாக்கி இல்லை என்று கணக்குப் பிரிவு குறித்துத் தரும். அப்புறம்தான் அலுவலகம் பதிவேட்டில் எண் போட்டு, கல்லூரித் தாளில் அச்சடித்து, முதல்வரின் கையெழுத்துக்கு வைக்கும்.

"திங்கக்கிழமையே என்கிட்ட வந்திருந்தா அன்னைக்கே ஆயிருக்குமே, மா. பிரின்சிபால் சார் இருந்தாரு" என்றாள் ஆசிரியை. மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

துறைத் தலைவர் செய்முறைத் தேர்வில் இருந்தார். கையெழுத்து கிடைக்கப் பிற்பகலாயிற்று. கடிதத்தைக் கவுண்டரில் கொடுத்தேன். அதே மனிதர்.

"பிரின்சிபால் யுனிவர்சிட்டி மீட்டிங். நாளைக்கு வாங்க."

"நாளைக்குத்தான் சார் கடைசி நாள். வைஸ் பிரின்சிபால் போடலாமே?"

"போனஃபைட்டுக்கு பிரின்சிபால்தான்மா. ரூல் அது."

"திங்கக்கிழமை இவ வந்தப்போ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்? 'லெட்டர் எழுதிக்கினு வா, நாங்க குடுக்குறோம்'னு."

"கேட்டா சொல்லியிருப்பேன்மா."

"கேட்டேன் சார்" என்றாள் மகள். மெல்லிய குரல்தான், ஆனால் தலை நிமிர்ந்திருந்தது. "எங்க வாங்கணும்னு கேட்டேன். நீங்க கிண்டல் பண்ணீங்க."

அவர் ஸ்டேப்ளரை எடுத்து எங்கள் கடிதத்தின் மூலையில் அடித்தார்.

வெள்ளிக்கிழமை முழுவதும் அவள் அலுவலக வாசலில் நின்றாள். முதல்வர் வரவில்லை. மாலையில், வகுப்பு ஆலோசகர் எழுதிய ஒரு குறிப்பையும் கையெழுத்தில்லாத படிவத்தையும் ஏற்றி, தாமதத்துக்கு மன்னிப்பு கேட்டு ஆய்வுக்கூடத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். சனிக்கிழமை காலை முதல்வர் வந்தார். படிக்கக்கூட இல்லை, கையெழுத்து ஒரு நொடியில் முடிந்தது. முத்திரையின் மை காயுமுன் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பினாள். திங்கட்கிழமை பதில் வந்தது: மரியாதையான மூன்று வரிகள். முழுமையான ஆவணங்கள் உரிய நேரத்தில் வராததால் இடம் அடுத்தவருக்கு வழங்கப்பட்டுவிட்டது.

வாங்கியது வாங்கியதாகவே இருக்கட்டும் என்று சான்றிதழைக் கோப்பில் வைத்தேன். பிற்பாடு அகராதியில் பார்த்தேன். அந்த லத்தீன் சொல்லுக்கு நல்லெண்ணத்தோடு என்று பொருளாம். நல்லெண்ணம்! அந்த ஒரு வாரத்தில் நான் தேடிக் கிடைக்காதது அது ஒன்றுதான்.

இருப்பிடச் சான்றும் வந்துவிட்டதாக இ-சேவை மையத்திலிருந்து குறுஞ்செய்தி வந்தது. வாங்கவில்லை.

மகள் இப்போதெல்லாம் அலுவலகப் பக்கம் போகும்போது ஒன்று செய்கிறாளாம். வரிசையில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் யாராவது படிவத்தோடு முழித்துக்கொண்டு நின்றால் கிட்டப் போய், "போனஃபைட்டா? இங்கயே குடுப்பாங்க. மொதல்ல லெட்டர் எழுது, எதுக்குன்னு போடு" என்று சத்தமாகச் சொல்கிறாளாம். கவுண்டருக்குள் கேட்க வேண்டும் என்றுதான் சத்தமாகச் சொல்கிறாள்.