சல்லடையில் நின்ற கம்பெனி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சிரம்பானில் ஒரு பங்குத் தரகர் அலுவலகத்தில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. ரந்தாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்தவளுக்குக் குளிர்சாதன அறையில் நாற்காலி கிடைத்ததே பெரிய காரியம். காலையில் போனதும் முதல் வேலை, மாதாமாதம் வரும் டிஸ்கெட்டை மெஷினில் போடுவது. சந்தையிலிருந்த அத்தனை கம்பெனிகளின் கணக்கும் அதற்குள் இருக்கும்.

நாம் நிபந்தனை சொன்னால் போதும், மற்றதை ஸ்கிரீனர் என்ற சல்லடைப் புரோகிராம் பார்த்துக்கொள்ளும். பங்கின் விலை, ஒரு பங்குக்கு வரும் லாபத்தைப் போலப் பத்து மடங்குக்குள் இருக்கட்டும் என்பேன். பாதிப் பட்டியல் காணாமல் போகும். கடன், சொந்த முதலில் பாதியைத் தாண்டக்கூடாது என்பேன். இன்னும் சுருங்கும். விலையில் ஐந்து சதவீதமாவது டிவிடெண்ட் வரவேண்டும் என்றால் கடைசியில் ஏழெட்டுப் பெயர்தான் நிற்கும். பிரிண்டர் கரகரவென்று அதைத் துப்பும்போது எனக்கு அப்படி ஒரு கர்வம்!

ஒரு தடவை, நஷ்டத்தில் ஓடிய கம்பெனி ஒன்று பட்டியலின் தலையில் வந்து உட்கார்ந்தது. லாபம் மைனஸ் என்றால் மடங்கும் மைனஸ். மைனஸும் பத்துக்குக் கீழேதானே? பக்கத்து மேசைச் சீனத் தோழி விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றே 'பூஜ்யத்துக்கு மேல்' என்று இன்னொரு நிபந்தனை சேர்த்தேன். இனி ஓட்டையே இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் இன்னொரு கம்பெனி பட்டியலில் வந்தது. விலை இரண்டு வெள்ளி, அதாவது இருநூறு காசு. ஒரு பங்குக்கு லாபம் ஐம்பது காசு, நாலே மடங்கு. கடன் துளியும் இல்லை. டிவிடெண்ட் இருபது காசு, அதாவது பத்து சதவீதம். எல்லா நிபந்தனையிலும் முதலிடம். கல்யாணத்துக்கென்று சேர்த்து வைத்திருந்ததில் பாதியைப் போட்டு வாங்கிவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து அண்ணன் வந்தார். நாங்கள் பிறந்த தோட்டத்திலேயே லாரி ஓட்டியவர். தோட்டத்தை விற்று ஒரு வருஷமாகியிருந்தது. ஆள்குறைப்பில் கிடைத்த பணத்தை என்ன செய்வதென்று என்னிடம் கேட்க வந்திருந்தார். சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து பட்டியலை நீட்டினேன்.

"முதல்ல இருக்கு பாருங்கண்ணே, இதுதான் ரொம்ப மலிவு. நானே வாங்கியிருக்கேன்."

அவர் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார். முகம் மாறியது.

"இவங்களா? என்னை வேலையிலிருந்து நிறுத்தின கடிதத்துல அடியில இதே பேரு இருந்துச்சு லா. நம்ம தோட்டத்துக்கு மேல இருந்த பெரிய கம்பெனி இதான்."

"நல்லா லாபம் காட்டுதேண்ணே!"

"காட்டும். தோட்டத்தை வீடு கட்டுறவன்கிட்ட வித்தாங்கள்ல? அடுத்த வருஷம் எதை விப்பாங்க, தங்கச்சி?"

சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தேன். ஆபீசுக்கு ஓடி, அலமாரியிலிருந்த அவர்களின் ஆண்டறிக்கையை எடுத்தேன். பின்பக்கக் குறிப்பில் சின்ன எழுத்தில் இருந்தது. ஐம்பது காசில் நாற்பத்திரண்டு காசு நிலம் விற்ற லாபம். தொழிலில் வந்தது எட்டே காசு. அப்படியானால் விலை நாலு மடங்கு இல்லை, இருபத்தைந்து மடங்கு. கடனை அடைத்ததும் அந்தப் பணம்தான். டிவிடெண்டில் பதினாறு காசு ஒரே ஒரு தடவைக்கென்று கொடுத்த சிறப்புத் தொகை. மூன்று நிபந்தனையையும் ஒரே விற்பனை தாண்டவைத்திருக்கிறது. ஸ்கிரீனர் பொய் சொல்லவில்லை. லாபம் எங்கிருந்து வந்தது என்று அதை யாரும் கேட்கவில்லை, நானும்தான்.

அந்த எண்ணுக்குள் இருந்தது என்னவென்று நினைத்துப்பார்த்தேன். விடியலில் ரப்பர் பால் வாளியோடு அம்மா மரம் சீவ நடந்த வெட்டுக்காடு. மாரியம்மன் திருவிழாவில் விளக்கு கட்டிய பந்து மைதானம். தமிழ்ப்பள்ளிக்குப் போகும் செம்மண் பாதையில் ரப்பர் கொட்டை வெடிக்கும் சத்தம். எல்லாம் சேர்ந்து பங்குக்கு நாற்பத்திரண்டு காசு.

உடனே விற்றிருக்கலாம். விலை கொஞ்சம் ஏறட்டும் என்று காத்திருந்தேன். அடுத்த கணக்கு வந்ததும் விலை ஒரு வெள்ளி நாற்பது காசுக்கு இறங்கியது, அப்போதுதான் விற்றேன். கல்யாணத்துக்கு நகை குறைந்தது, அவ்வளவுதான். அண்ணன் தன் பணத்தில் பழைய வேன் ஒன்று வாங்கி, போர்டிக்சனுக்குப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப்போனார்.

அதற்குப் பிறகும் பல வருஷம் ஸ்கிரீனர் ஓட்டினேன். ஆனால் பட்டியல் வந்ததும் அலமாரிக்குத்தான் நடப்பேன், பின்பக்கக் குறிப்புகளைப் படிக்க. "உனக்கு வேற வேலை இல்லையா?" என்பாள் தோழி. பிறகு அவளும் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து என்னோடு படிப்பாள்.